மகளுக்கு முன் நீ வாசி

யாழ்ப்பாணம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அறிந்ததும் பெரிய ஆறுதல். இங்கே நாங்களும் சுகம். நல்லூர்த் திருவிழா முடிந்துவிட்டதால் பின்னேரங்களில் பிள்ளைகள் மறுபடி நூலகத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

கனடாவிலிருந்து உன் அண்ணா அனுப்பிய ஆங்கில நாவல்களில் ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஜே ஆஷர் எழுதிய ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’, 2007இல் வந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தெரிவு செய்யும்போது இப்படியானவற்றை நான் எப்படிப் பார்ப்பேன் என்று எழுதுகிறேன். முடிவு உன்னுடையது.

பதிப்பகம் போடும் வயதெல்லையை ஒரு குறிப்பாக மட்டும் எடு. பிள்ளைகள் தங்களை விட ஓரிரு வயது மூத்த பாத்திரங்களைப் பற்றி வாசிக்க விரும்புவார்கள். பதிப்பகங்களுக்கும் அது தெரியும். ஸ்டோரிகிராஃப் போன்ற தளங்களில் வாசகர்கள் இடும் எச்சரிக்கைப் பட்டியல் இன்னும் உதவும். தற்கொலை, பாலியல் வன்முறை, மது என்று அதில் இருக்கும். ஆனால் அது கதைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், கதை அதை எப்படி நடத்துகிறது என்று சொல்லாது. நீ பார்க்க வேண்டியது அதைத்தான்.

இந்த நாவலையே எடுப்போம். ஹன்னா என்ற மாணவி தற்கொலை செய்து இறந்துவிட்டாள். அவள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் கிளே என்ற பையனுக்குப் பொதியாக வருகின்றன. தன் முடிவுக்கு யார் யார் காரணம் என்று அவள் அவற்றில் சொல்கிறாள். அவன் ஓர் இரவு முழுக்கக் கேட்டபடி ஊரைச் சுற்றுகிறான். இதில் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தச் செயலால் அவளுக்குக் கதைக்குள் என்ன கிடைக்கிறது என்பது. உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத குரலை, இறந்த பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். காயப்படுத்தியவர்கள் தாங்கள் செய்ததைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. “நான் போன பிறகுதான் என்னை விளங்கிக்கொள்வார்கள்” என்று கோபத்திலும் தனிமையிலும் சில பிள்ளைகள் நினைப்பதுண்டு. இந்தக் கதையமைப்பு அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

இரண்டாவது, உதவி கேட்டால் என்ன நடக்கிறது? ஹன்னா கடைசியில் பள்ளி ஆலோசகரிடம் போகிறாள். அவர் அவளைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை, அவள் எழுந்து போனதும் பின்னால் போய்த் தடுக்கவும் இல்லை. உதவி தேடும் ஒரே பெரிய காட்சி தோல்வியில் முடிந்தால், வாசிக்கும் பிள்ளை ‘சொல்லிப் பலனில்லை’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்ற பேச்சும் இதில் அருகியே வருகிறது.

இனி மறுபக்கம். கிளேயின் துக்கம் உண்மையானது. ஒரு வதந்தி ஒருத்தியை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதை நாவல் நன்றாகவே காட்டுகிறது. முடிவில் அவன், ஒதுங்கித் திரியும் இன்னொரு மாணவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதனால் கடைசிப் பக்கங்களை வாசிக்காமல் தீர்ப்புச் சொல்லாதே. நேரமில்லை என்றால் தொடக்கத்தையும், ஆலோசகர் வரும் பகுதியையும், முடிவையும் என்றாலும் வாசி. 2017இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரை வைத்துப் புத்தகத்தை அளக்கவும் வேண்டாம். அதில் இறப்பை நேரடியாகக் காட்டிய காட்சியைப் பிறகு, 2019இல், அவர்களே நீக்கினார்கள். புத்தகத்தில் அப்படியான காட்சி இல்லை.

ஒப்பிட இன்னொன்று சொல்கிறேன். லோரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் எழுதிய ‘ஸ்பீக்’. அதன் எச்சரிக்கைப் பட்டியலில் பாலியல் வன்முறை இருக்கும், பார்த்தவுடனே பல தாய்மார் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் அதில் அந்த வன்முறைக்கு ஆளான மெலின்டா என்ற மாணவி தன் மௌனத்தை மெல்ல மெல்ல உடைக்கிறாள். ஓவிய ஆசிரியர் ஒருவர் அவளுக்கு இடம் கொடுக்கிறார். உயிரோடு இருந்து பேசியதால்தான் அவளுக்கு விடிவு. பட்டியலில் பாரமாகத் தெரிந்தாலும் உன் மகளுக்கு முதலில் நான் கொடுப்பது இதைத்தான்.

ஹன்னாவின் கதையை அவள் பிறகு கேட்டால், நீயும் கூடவே வாசி. ஆலோசகர் பகுதி முடிந்ததும் “அவர் என்ன கேட்டிருக்க வேணும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் சொல்வதைக் கேள். ஆனால் அவள் இப்போதே தூக்கமில்லாமல், சிநேகிதிகளிடமிருந்து விலகி இருக்கிறாள் என்றால், புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவளோடு கதை. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தேசிய மனநல உதவி எண் 1926.

பொதியில் வந்த மற்றப் புத்தகங்களின் பெயரையும் எழுது. அம்மா வெயிலில் வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி போடச் சொல்.

அன்புடன்,
உன் தோழி