ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்? மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பாளர்களுக்கும் சென்னை ஷோரூம்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். எனக்கு வீடு கொளத்தூரில், வேலை துரைப்பாக்கத்தில். ரெட்டேரியில் தொடங்கி பாடி, கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா, வேளச்சேரி, தரமணி வழியாகப் போக 28 கிலோமீட்டர், வர 28. நாலு வருஷமாக இந்தத் தூரத்தை மின்சார ஸ்கூட்டரில்தான் ஓட்டுகிறேன். இப்போது வைத்திருப்பது இரண்டாவது வண்டி. அதனால் இது மின்சார வண்டியே வேண்டாம் என்பவரின் கடிதம் இல்லை.

போன மாதம் என் மைத்துனருக்கு வண்டி பார்க்க நாலைந்து ஷோரூம் ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் ஒரே உரையாடல்தான்.

“ரேஞ்ச் என்ன வரும்?”

“125 சார்.”

“பேட்டரி?”

“லித்தியம் அயன் சார். 3 கிலோவாட்.”

கிலோவாட் என்பது மோட்டாரின் பலம். பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதற்குக் கணக்கு கிலோவாட்-அவர், அதாவது இபி பில்லில் வருகிற அதே ‘யூனிட்’. விற்கிற தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ‘இதில் 3 யூனிட் கரண்ட் பிடிக்கும்’ என்று சொன்னால் கூட வந்த என் மாமியாருக்கே புரிந்திருக்கும். அடுத்த கேள்வியை அவரே கேட்டிருப்பார்: “ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” பெட்ரோல் வண்டிக்கு நாம் கேட்கிற மைலேஜ் கேள்விதான் அது. உங்கள் பிரசுரங்களில் இல்லாதது அந்த ஒரு எண்தான்.

முதலில் அந்த 125-ஐப் பார்ப்போம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஐடிசி எனப்படும் இந்திய ஓட்டச் சுழற்சியில் அளந்தது அது. வண்டியை ஆய்வகத்தில் உருளை மேல் நிறுத்தி, 108 விநாடி நீளும் ஒரு சுழற்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் உச்ச வேகம் 42 கிலோமீட்டர், சராசரி வேகம் 22-க்குக் கொஞ்சம் குறைவு. எதிர்க்காற்றும் கிடையாது, பாடி மேம்பாலமும் கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட இந்த எண் உதவும். நான் வீடு வந்து சேர்வேனா என்று தெரிந்துகொள்ள உதவாது.

என் வண்டியின் உண்மையான மைலேஜை நான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். பார்க்கிங்கில் இருக்கும் சார்ஜிங் பாயிண்டுக்கு ஒரு சப் மீட்டர் போட்டேன், வாடகை வீடுகளில் இருக்குமே, அதேதான். ஒரு நாள் முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டேன். எட்டு வேலை நாள் ஓட்டி, மறுபடி முழுச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பேட்டரி முழுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பிவிடும். ஓடியது 448 கிலோமீட்டர். மீட்டரில் ஏறியது 16.1 யூனிட். ஆகச் சுவரிலிருந்து வாங்கிய ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். சார்ஜர் சூடாகி வீணாவது சுமார் 12 சதவீதம் என்று கழித்தால், பேட்டரிக்குள் போன ஒரு யூனிட்டுக்கு 31.6.

சரி, 3 யூனிட் பேட்டரிக்கு 95 வருமே என்பீர்கள். வராது. பிரசுரத்தில் அச்சடித்த 3 யூனிட் முழுவதையும் ஓட்ட முடியாது. செல்களைக் காப்பாற்ற மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். பயன்படுத்தக் கிடைப்பது எவ்வளவு என்று மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகுதான் எனக்குப் பதில் வந்தது: 2.7. அதை 31.6-ஆல் பெருக்கினால் 85 கிலோமீட்டர். அதிலும் கடைசி 10 சதவீதத்தில் வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆக நிம்மதியாக ஓட்டக்கூடியது 76. பின்னால் ஆளை ஏற்றினாலோ ஸ்போர்ட் மோடில் முறுக்கினாலோ அதுவும் குறையும்.

எனக்குத் தேவை 56. அப்படியென்றால் போதுமே? புது வண்டிக்குப் போதும். பேட்டரி எந்த வகை என்பது முக்கியமாவது இதற்கு அப்புறம்தான்.

‘லித்தியம் அயன்’ என்பது பதிலே இல்லை. உங்கள் எல்லா வண்டியும் லித்தியம் அயன்தான். உள்ளே இருப்பது நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையா (என்எம்சி), இரும்பு-பாஸ்பேட் வகையா (எல்எஃப்பி) என்பதுதான் கேள்வி. என்எம்சியில் அதே எடைக்கு அதிக யூனிட் அடங்கும், அதனால் வண்டி இலேசாக இருக்கும். ஆனால் முழுச் சார்ஜோடு வெயிலில் கிடப்பது அதற்கு ஆகாது, சீக்கிரம் மூப்படையும். எங்கள் அலுவலகத்தில் இரு சக்கர வண்டிக்கு நிழல் கிடையாது. மே மாத மதியம் சீட்டில் கை வைக்க முடியாது. அதனால் என்எம்சி வைத்திருப்பவர் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 80-இல் தொடங்கி 10-இல் நிறுத்தினால் 85-இல் 70 சதவீதம், அதாவது 60 கிலோமீட்டர். என் 56-க்கு மேலே மிச்சம் நாலே நாலு.

எல்எஃப்பி கொஞ்சம் கனம், ஆனால் சூட்டைத் தாங்கும். முழுச் சார்ஜ் அதை அவ்வளவாக உறுத்தாது, சார்ஜ் சுழற்சிகளும் பொதுவாக அதிகம் தாங்கும். ஆகவே அதே 2.7 யூனிட்டில் தினமும் 76 கிலோமீட்டரையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு குணம் உண்டு. நடுவில் பெரும்பகுதிக்கு அதன் வோல்ட்டேஜ் அசையாமல் ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் மிச்சம் எத்தனை சதவீதம் என்று வண்டிக்கே சரியாகத் தெரியாது, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் குத்துமதிப்பாகக் காட்டும். அந்த எண்ணிக்கை மெல்லப் பிசகும். வாரம் ஒரு தடவையாவது 100 வரை ஏற்றினால்தான் அது திருந்தும். அரைகுறையாகவே ஏற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் திரையில் 22 என்று இருந்தது சட்டென்று 6-க்கு விழும். கோயம்பேடு மேம்பாலத்தில் அப்படி விழுந்தவரோடு ஓரமாக நின்று பேசியிருக்கிறேன்.

ஆகவே வகையைச் சொல்லாமல் ரேஞ்சைச் சொல்வதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. ‘ஒதுக்கி வைத்த அந்த 0.3 யூனிட்டே பாதுகாப்புக்குத்தான், தாராளமாக 100 வரை ஏற்றலாம்’ என்று சிலர் சொன்னீர்கள். நல்லது, அதை வாரண்டித் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வாரண்டி என்றதும் ஒன்று. பேட்டரியின் திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றுவோம் என்று உங்களில் பலர் போடுகிறீர்கள். என் கணக்கில் 70 சதவீதம் என்றால் 85 என்பது 60 ஆகிவிடும். அதில் ஆமை வேகப் பகுதியைக் கழித்தால் 54. உங்கள் தாளின்படி பேட்டரி நல்ல நிலையில் இருக்கும், நான் ரெட்டேரி சிக்னலிலிருந்து ஊர்ந்துகொண்டிருப்பேன். என்னைப் போல ஓட்டுபவர் 3 யூனிட் வண்டியை வாங்கவே கூடாது, 3.7 அல்லது 4 யூனிட் வேண்டும். மாறாக, பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் வரை போய் வருபவருக்கு 2 யூனிட்டே மிகுதி, அவர் தலையில் 4 யூனிட்டைக் கட்டுவது அவர் பணத்துக்குக் கேடு. இந்தக் கணக்கை ஷோரூமிலேயே போட்டுக் கொடுக்கலாமே?

சார்ஜிங் பற்றி அதிகம் இல்லை. ‘வீட்டில் எந்த பிளக்கிலும் போடலாம்’ என்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். 750 வாட் சார்ஜர் இழுப்பது நாலு ஆம்பியருக்கும் குறைவு, உண்மைதான். ஆனால் நாலு மணி நேரம் விடாமல் இழுக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் பழைய 5 ஆம்பியர் பாயிண்டில் இரண்டு மாதம் போட்டார். ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கினால் ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாக இளகியிருந்தது. ஒரு மணி நேரம் ஏறிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் பாயிண்ட் சரியில்லை. 15 ஆம்பியர் பாயிண்ட், அவரவர் மீட்டரிலிருந்து தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஒழுங்கான எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு ஆர்சிசிபி. வண்டியைக் கொடுக்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பி இதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்ட வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது.

கடைசியாக சர்வீஸ். என் முதல் வண்டி ஒரு காலை கிண்டியில் திடீரென்று நின்றது. மோட்டார் கன்ட்ரோலர் போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பாகம் வர 19 நாள். நாட்டின் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கமும்தான் தயாராகிறது, இங்கிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் போய்விடலாம். எனக்கு அந்த 19 நாளும் மெட்ரோவும் ஷேர் ஆட்டோவும்தான்.

‘சென்னையில் எங்களுக்கு இத்தனை சென்டர்’ என்ற எண் எனக்கு வேண்டாம். கன்ட்ரோலரும் சார்ஜரும் சென்னையில் இருப்பில் உண்டா? பேட்டரியைத் திறந்து பார்க்கும் ஆள் இங்கே இருக்கிறாரா, இல்லை தொழிற்சாலைக்கு அனுப்புவீர்களா? பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்று நீங்கள் காட்டும் ஐபி67 தரத்துக்கு அர்த்தம், ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரியில் சாக்கடைத் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படி மூழ்கிய பேட்டரியை வாரண்டி ஏற்குமா, ஏற்காதா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

நீங்கள் சொல்லும் வரை வாங்குபவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மைத்துனரும் நானும் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஷோரூமுக்குப் போகாமல், நேரே மூன்று சர்வீஸ் சென்டர்களுக்குப் போனோம். வெளியே நிற்கும் வண்டிகளின் சீட்டில் விரலை வைத்து இழுத்தோம். ஒரு இடத்தில் ஏழெட்டு வண்டிகளில் விரல் தடம் அப்படியே பதிந்தது. ஒரு ஹேண்டில்பாரில் தொங்கிய ஜாப் கார்டில் 26 நாளுக்கு முந்தைய தேதி. இன்னொரு இடத்தில் எல்லாக் கார்டும் அந்த வாரத்தது.

மைத்துனர் அந்த இரண்டாவது கம்பெனியின் ஷோரூமுக்கு வருகிற ஞாயிறு வருகிறார். பேட்டரி வகை, ஓட்டக் கிடைக்கும் யூனிட், ஒரு யூனிட்டுக்குக் கிலோமீட்டர் என்று மூன்று கட்டம் போட்ட தாள் அவர் கையில் இருக்கும். நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே முன்பணம் கட்டுவார்.

இப்படிக்கு,
கொளத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்