விலை அதிகம் என்று எழுதுகிறவர்களிடம் நாங்கள் ஏன் கேள்வி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "கடலை எண்ணெய் விலை அதிகம்னு சொன்னா, குறைக்கிறதை விட்டுட்டு வீட்ல என்ன சமைப்பீங்கன்னு கேட்கிறீங்களே, எதுக்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், அதற்குத்தான் இந்த மடல்.

எங்கள் செக்கில் வாரம் ஒருநாள், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளையும் படங்களுக்கு அடியில் வந்த கருத்துகளையும் ஒரு நோட்டில் எடுத்து எழுதுகிறோம். பேரோ நம்பரோ எழுதுவதில்லை. நீங்கள் எழுதிய வார்த்தை மட்டும், அப்படியே. "விலை குறித்த புகார்" என்று நம் வசதிக்குச் சுருக்கி எழுதிவிட்டால் விஷயம் போய்விடும். ஒவ்வொரு உரையாடலிலும் கடைசியாக வந்த கேள்வியை, அதாவது அதற்குப் பிறகு பதிலே வராமல் நின்றுபோன கேள்வியை, அடிக்கோடிட்டு வைக்கிறோம். "சூப்பர்", "அருமை" எல்லாம் சந்தோஷம்தான், ஆனால் நோட்டில் ஏறாது.

"விலை அதிகம்" என்பது ஒரே பேச்சு இல்லை. "கடையில பாக்கெட் பாதி விலைக்குக் கிடைக்குதே" என்று தொடர்ந்தால், அவர் ரீஃபைண்டு எண்ணெயோடு ஒப்பிடுகிறார். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும் என்று கணக்கைச் சொன்னால் போதும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்தாலும் அதற்கே 325 ஆகிறது, புண்ணாக்கு விற்றுத் திரும்புவது அதில் கொஞ்சம்தான். "அரை லிட்டர் இருக்கா?" என்று கேட்பவருக்கு எண்ணெய் பிடித்திருக்கிறது, மாத பட்ஜெட்தான் இடிக்கிறது. இந்த இரண்டும் வெளிப்படையான தயக்கங்கள். எங்களை யோசிக்க வைத்தது மூன்றாவது வகை.

அந்த உரையாடல் இப்படிப் போகும். லிட்டர் என்ன விலை என்று கேட்பார், சொல்வோம். "பூரி சுடலாமா?" என்பார். "தாராளமா சுடலாம்" என்போம். அதோடு பேச்சு நின்றுவிடும். அப்புறம் ஏதாவது ஒரு படத்துக்கு அடியில் "ரேட் ரொம்ப ஜாஸ்தி" என்று எழுதியிருப்பார். விலையைக் கேட்டபோது நிற்காதவர் பூரியில் ஏன் நின்றார்? இதற்குப் பதில், ஏற்கெனவே வாங்கிய ஒரு அக்காவின் செய்தியில் கிடைத்தது: "பூரி போட்டதும் நுரை பொங்கி அடுப்புல வழிஞ்சிடுச்சு. கலப்படமா?"

கலப்படம் இல்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயில் பருப்பிலிருந்து வரும் பிசின் போன்ற ஒரு பொருள் தங்கியிருக்கும். ரீஃபைண்டு செய்யும்போது அதைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகக் கிளம்பும்போது அந்தப் பிசின் குமிழிகளை உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நுரை. சரியாகத் தெளிய வைக்காத புது எண்ணெயில் இன்னும் கூடுதலாகப் பொங்கும். ஈரம் வடிய வடிய அடங்கிவிடும். அடங்காமல், எண்ணெய் கறுத்து, பிசுபிசுவென்று நுரை நின்றால் அது பலமுறை காய்ச்சிய எண்ணெய், அதை மாற்றிவிட வேண்டியதுதான்.

ஆக, பலருக்கு மனதில் இருந்தது பணக்கணக்கு இல்லை. இவ்வளவு கொடுத்து வாங்கி அடுப்பில் பொங்கி வழிந்தால் என்ன செய்வது, வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். அதை எழுதக் கூச்சமாக இருக்கும். "விலை அதிகம்" என்று எழுத யாருக்கும் கூச்சமில்லை.

இது நாங்களாகக் கட்டிய கதையா என்று பார்க்க, விலையில் கை வைக்காமல் பதிலை மட்டும் மாற்றினோம். பூரி பற்றிக் கேட்டால் இப்போது, "முதலில் நுரைக்கும், வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், நெல்லிக்காய் அளவு புளியைப் போட்டுப் பொரித்து எடுத்துவிட்டுப் பூரி போடுங்கள்" என்று சொல்கிறோம். அதே விலைக்கு, அதே கேள்வி கேட்டவர்களில் பலர் பேச்சைத் தொடர்ந்தார்கள், வாங்கினார்கள். விலையைக் குறைத்துப் பார்த்திருந்தால் எது தடை என்று எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. சமைப்பவர் எப்போதும் எழுதுபவர் இல்லை. "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்பதற்குப் பின்னால், எங்களோடு பேசவே பேசாத ஒரு அம்மாவோ மாமியாரோ இருக்கிறார். நோட்டில் அவர் குரல் வராது. அதற்காகத்தான் 200 மில்லி பாட்டில் கொண்டுவந்தோம். ஒரு வேளைக்குத் தாளித்துப் பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.

தினமும் பஜ்ஜி, வடை போடும் கடைக்காரர்களிடம் இந்த எண்ணெய் உங்களுக்குக் கட்டாது என்றே சொல்லிவிடுகிறோம். அவர்கள் சொல்லும் "விலை அதிகம்" நிஜமாகவே விலை அதிகம்தான்.

இனி எங்களுக்கு எழுதும்போது விலையோடு, எதற்கு வாங்குகிறீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்களுக்குக் கேள்வி கேட்கும் வேலை மிச்சமாகும்.

இப்படிக்கு,
உங்கள் மரச்செக்குக் கடையிலிருந்து