ஆழமாக்கினால் உவர் போகாது: மாத்தளன் – வட்டுவாகல் கரையோரக் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினால் உங்கள் கூட்டங்களில் ஒரே கோரிக்கைதான் வருகிறது: கிணறு உவர்க்கிறது, ஆழமாக்கித் தாருங்கள், இல்லாவிட்டால் குழாய்க்கிணறு அடித்துத் தாருங்கள். நிலத்தடி நீர் அளக்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கோரிக்கையை ஏற்காதீர்கள்.

உங்கள் நிலம் ஒரு மணல் திட்டு. கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல். இரண்டு பக்கமும் உப்பு. நீங்கள் இறைக்கும் நன்னீர் வன்னியின் உட்பகுதியிலிருந்து ஊறி வருவதல்ல. மாரியில் உங்கள் மணலில் விழுந்த மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் கனம் கூடியது. அதனால் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். இது நல்ல செய்தி மாதிரித் தெரியும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அங்குலம் இறங்கினால், கீழே உப்பு 40 அங்குலம் ஏறப் பார்க்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மாரி முடிந்து தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி நிற்கிறது. கீழே 60 அடிவரை நன்னீர். கடல்மட்டத்துக்குக் கீழே 30 அடிக்கு ஒரு குழாயை இறக்குகிறோம். குழாயின் அடிக்கும் உப்புக்கும் இடையில் மிச்சம் 30 அடி. பம்ப் ஓடும்போது அந்த இடத்துத் தண்ணீர் மட்டம் தாழும்; அதற்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி மேலெழும். இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 அடிவரை, அந்தக் கூம்பு நின்று பிடிக்கும். அதற்கு மேல் போனால் நிற்காது, குழாய்க்குள் ஏறிவிடும். 10 அடியை நாற்பதால் வகுத்தால் மூன்று அங்குலம். தொடர்ந்து இறைக்கும்போது நீங்கள் தாழ்த்தக்கூடியது அவ்வளவுதான். அதே காணியில் கடல்மட்டத்துக்குக் கீழே மூன்று அடியோடு நிறுத்திய அகலக் கிணறு என்றால், ஐந்தரை அங்குலத்துக்குமேல் தாங்கும்.

கோடை முற்றி, தண்ணீர் ஒரு அடிக்கு இறங்கி, உப்பும் அதற்கேற்ப ஏறிவிட்டால் அந்தக் குழாய்க்கு மிஞ்சுவது ஒரே ஒரு அங்குலம். இரண்டு அங்குல பம்ப் அதை எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானது. உண்மையில் நன்னீருக்கும் உப்புக்கும் நடுவே கோடு போட்ட எல்லை இல்லை, கலங்கிய ஒரு படை இருக்கிறது. குடிநீரின் குளோரைட்டு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். கடல்நீரில் அது கிட்டத்தட்ட 19,000. நூறு வாளியில் ஒரு வாளிக்குச் சற்று மேல் கடல்நீர் கலந்தாலே எல்லை தாண்டிவிடும். கச்சானும் மிளகாயும் வாடத் தொடங்குமுன் தேநீரில் ருசி மாறிவிடும்.

இன்னொரு தொல்லை, உப்பு மெதுவாக ஏறும். இன்று அளவுக்கு மீறி இறைத்தால் வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். அப்போது பம்பை நிறுத்தினாலும் உடனே இறங்காது. மணலில் கலந்த உப்பை அடுத்தடுத்த மாரிமழைதான் கழுவ வேண்டும்.

"சுனாமிக்குப் பிறகு கிணறுகளை இறைத்துத்தானே சுத்தம் செய்தோம்?" என்று சிலர் கேட்பார்கள். 2004இல் உப்பு மேலிருந்து வந்தது. அப்போதுகூட அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருந்து உப்பு வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று அறிய வழி உண்டு. மின்கடத்துதிறன் மானியால் பம்ப் தொடங்கும்போது ஒரு தடவையும், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவையும் அளந்து பாருங்கள். ஓட ஓட எண் கூடினால், பெரும்பாலும் உப்பு அடியிலிருந்து வருகிறது. அந்தக் கிணற்றை ஆழமாக்குவது உப்பைத் தேடிப் போவதுதான்.

சரி, வேறு என்ன செய்யலாம்? ஒரே இடத்தில் உறிஞ்சும் தண்ணீரை ஆழமில்லாத பல கிணறுகளில், திட்டின் நடுப்பகுதியில், பிரித்து எடுங்கள். பெரிய பம்பை ஒரு மணி நேரம் ஓட்டுவதைவிடச் சின்ன பம்பை மூன்று மணி நேரம் ஓட்டுவது நல்லது. இதுவும் ஓரளவுக்குத்தான். மழை போட்டதைவிடக் கூடுதலாக எடுத்தால் எப்படிப் பிரித்தாலும் உப்பு வரும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பிரதேச சபையோடு பேசி, ஒரு நில அளவையாளரைக் கொண்டு சில பொதுக்கிணறுகளின் கட்டில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்து வையுங்கள். அது இல்லாமல் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் உங்கள் காணிக்குப் போட முடியாது. அப்புறம், இந்த ஆண்டு ஆவணி, புரட்டாதியில் அந்தக் கிணறுகளின் மட்டத்தையும் கடத்துதிறனையும் எழுதி முடிக்கும்வரை புதிய குழாய்க்கிணறு எதற்கும் சிபாரிசுக் கடிதம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஓய்வுபெற்ற நீர் அளவையாளர் ஒருவர்