ஆணி வரிசையை நம்பாதே

கொழும்பு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஹட்டனிலேயே ஸ்கூல் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மே மாத மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று கிராண்ட்பாஸில் ஒரு பழைய ஸ்டோர்ஸின் அஸ்பெஸ்டஸ் கூரை வேலையைத் தந்திருக்கிறார்கள். போன திங்கள் புதிதாக ஏழு பொடியன்கள் வந்தார்கள், ஐந்து பேர் நம்ம பக்கத்துத் தோட்டங்களில் இருந்து. அவர்களோடு பேசியதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருக்கிறது.

"கூரையில் ஏறிப் பழக்கமா?" என்று கேட்டதும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். எப்படி நடப்பீர்கள் என்றேன். "ஆணி வரிசையில் கால் வைப்போம், சேர்" என்றான் ஒருவன். நம் அப்பாமார் நமக்குச் சொன்னதும் அதுதானே. லயத்துத் தகரத்துக்கு அது சரி. தகரம் வளையும், சத்தம் போடும், காலை எடுக்க ஒரு நொடியாவது தரும். அஸ்பெஸ்டஸ் சீட் வளையாது. முறியும்போதுதான் சத்தமே வரும். ஆணிக்குக் கீழே சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் இருப்பது உண்மை. ஆனால் அது உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு கோடு. கையில் சாமானோடு, பாசி பிடித்த சரிவில், அந்தக் கோட்டிலேயே நாள் முழுக்க யாரால் நடக்க முடியும்? ஒரு தடவை கால் பிசகினால் போதும். ஆணி ஓட்டையைச் சுற்றித்தான் பழைய சீட்டில் வெடிப்பும் அதிகம்.

அதைவிடப் பொல்லாதது வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் ஃபைபர் சீட். வெயில் பட்டுப் பட்டு அது மக்கிவிடும். மேலே தூசியும் பாசியும் படிந்தால் பக்கத்துச் சீட்டின் நிறமே வந்துவிடும், சில இடங்களில் பெயின்டும் அடித்திருப்பார்கள். மேலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஏழு பேரையும் முதலில் ஸ்டோர்ஸுக்குள்ளே கூட்டிப்போய் நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். வெளிச்சம் வரும் இடங்களைச் சுவரிலிருந்து எத்தனையாவது சீட் என்று எண்ணி ஒரு தாளில் குறித்தோம். பதினொன்று இருந்தது. மேலே போனால் கண்ணுக்கு நாலுதான் தெரிந்தது.

அப்புறம் கழற்றிய ஃபைபர் சீட் ஒன்றைக் கீழே இரண்டு கட்டைகளுக்கு மேல் வைத்தேன். அஸ்பெஸ்டஸை உடைத்துக் காட்டவில்லை, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து, ஒரு மணல் மூட்டையை மெதுவாக நடுவில் இறக்கினோம். தாங்கியது. பொடியன்கள் என்னைப் பார்த்தார்கள். அதே மூட்டையை முழங்கால் உயரத்திலிருந்து விட்டேன். சீட்டில் ஓட்டைதான் மிச்சம். நேற்று தாங்கிய சீட் இன்று ஏன் விடுகிறது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்மோடு முன்பு வேலை செய்த அந்தப் பையனும் அன்று காலை இரண்டு தரம் அதே சீட்டைத் தாண்டியவன்தானே, செல்வம். மூன்றாம் தரம் கையில் பலகையோடு வந்தான். எனக்கு இன்னும் அந்தச் சத்தம் மறக்கவில்லை.

"பெல்ட் போட்டால் போதாதா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. சுவரில் கரியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். காலடி மட்டத்தில் மாட்டிய கயிறு 2 மீட்டர். விழும் வேகத்தைக் குறைக்கும் பை பிரிந்தால் இன்னும் 1.75 வரை. பெல்ட்டில் கயிறு மாட்டும் இடத்துக்குக் கீழே உடம்பு 1.5. கால் தரையில் படாமலிருக்க மிச்சம் விடுவது 1 மீட்டர். மொத்தம் 6.25. நம் கூரையோ தரையிலிருந்து 5.5. கயிறு முழுதாகப் பிடித்து நிறுத்தும்போது காலுக்கும் தரைக்கும் நடுவே கால் மீட்டர்தான் இருக்கும், கீழே சாமான் அடுக்கியிருந்தால் அதற்கு முன்பே அதில் மோதிவிடுவோம். கொக்கியைத் தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்டி, கயிற்றையும் குறுக்கினால்தான் அது உதவும்.

ஆகவே கூரை ஓரம் முழுக்கச் சாரம் கட்டி, இடுப்புக்கு மேல் ஒரு கம்பி, நடுவில் ஒரு கம்பி, காலடியில் பலகை. உள்ளே வலை. சீட்டின் மேல் 600 மில்லிமீட்டர் அகலப் பலகைகள், பர்லினுக்குப் பர்லின் தாங்கும்படி, வழுக்காமல் கட்டி வைத்தது. ஒரே பலகையை இழுத்து இழுத்துப் போகக் கூடாது. அதை நகர்த்தும் நேரத்தில் சீட்டில்தான் நிற்க வேண்டிவரும். அதனால் ஆளுக்குக் குறைந்தது இரண்டு பலகை வேண்டும். ஃபைபர் சீட்டுகளை முதலிலேயே மூடி அடித்துவிட்டோம். ஓரத்தில் இருந்த மூன்று சீட்டுக்கு யாரும் மேலே ஏறவே இல்லை, உள்ளே டவர் போட்டுக் கீழிருந்தே மாற்றினோம். முதலாளிக்கு இரண்டு நாள் தாமதம். வாக்குவாதம் வந்தது, நான் விடவில்லை.

உன் மச்சான் மாட்டுக் கொட்டில் கூரையை மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். தரையிலிருந்து எத்தனை அடி, பர்லின் இடைவெளி எவ்வளவு, வெளிச்சத்துச் சீட் எத்தனை என்று உள்ளேயிருந்து எண்ணி எழுது. பலகை எத்தனை வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை அவரை மேலே ஏறவிடாதே.

உன்
ராஜன்