நீட் பயிற்சி ஆசிரியர்களுக்கு: நெகட்டிவ் மார்க் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். என் பக்கத்து வீட்டுப் பெண் நீட் பயிற்சிக்குப் போகிறாள். சென்ற மாதம் ஒரு மாதிரித் தேர்வின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு அழாத குறையாக வந்தாள். தெரியாத 20 கேள்விகளை ஊகித்து எழுதியதில் 3 தான் சரி. கிடைத்தது 12, போனது 17. நிகரமாக 5 மதிப்பெண் நட்டம். "தெரியாததைத் தொடாதே என்று எத்தனை முறை சொன்னேன்" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அந்த அறிவுரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீட்டில் சரியான விடைக்கு 4, தவறான விடைக்குக் கழிவு 1. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், சராசரியாக நான்கு கேள்விக்கு ஒன்று சரியாகும். அந்த ஒன்று 4 தரும், மற்ற மூன்றும் 3 எடுக்கும். மிச்சம் 1. ஆக, குருட்டாம்போக்கில் தொட்டாலும் கேள்விக்குக் கால் மதிப்பெண் வரவுதான். ஐந்துக்கு ஒன்று சரியானாலே கை சுடாது. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் கதை வேறு. அங்கே கழிவு மூன்றில் ஒரு பங்கு என்பதால், குருட்டு ஊகத்தின் சராசரி சரியாகப் பூஜ்யம். அந்தத் தேர்வின் எச்சரிக்கையை நீட் வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சராசரி என்பது உத்தரவாதம் அல்ல என்பீர்கள். உண்மைதான். 20 கேள்விகளைக் குருட்டாம்போக்கில் தொடுகிற நூறு பேரில் ஏறக்குறைய 22 பேர் மூன்றோ அதற்குக் குறைவாகவோ சரியாக்கி நட்டப்படுவார்கள். அந்தப் பெண்ணும் அந்த 22 பேரில் ஒருத்தி என்று விட்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் எப்படி விடையைப் பிடித்தாய் என்று உட்கார வைத்துக் கேட்டேன். ஒன்றுமே தெரியாமல் தொட்டவை 8. அவற்றில் 2 சரி, வரவு 2. "எங்கேயோ படித்த மாதிரி இருந்தது" என்று எழுதியவை 12. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் சரி, நட்டம் 7. ஒரு தேர்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் வினாத்தாளைப் பார்த்தபோது காரணம் புரிந்தது.

அதில் ஒரு கேள்வி. கிடைமட்டத்துக்கு 60 டிகிரி சாய்வில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்து எறியப்படுகிறது; உச்சியில் அதன் வேகம் என்ன? கொடுத்த விடைகள்: 0, 10, 10√3, 20. அவள் 0 என்று வட்டமிட்டிருந்தாள். "உச்சியில் வேகம் பூஜ்யம்தானே சார்?" நேர் மேலே எறிந்தால் பூஜ்யம், சாய்த்து எறிந்தால் கிடைமட்ட வேகம் கடைசிவரை மாறாது. கேள்வி அமைப்பவருக்கு இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும், அதனால்தான் 0 அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவனுக்காவது நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அரைகுறையாகத் தெரிந்தவள் நேராகப் பொறியில் போய் விழுகிறாள். மதிப்பெண்ணைத் தின்றது இந்த அரை நினைவுதான்.

அதே கேள்வியை வேறு விதமாக அணுகியிருக்கலாம். கிடைமட்ட வேகம் மறைந்துவிடாது, எனவே 0 இல்லை. மேலே போகப் போக வேகம் குறையும், எனவே 20 இல்லை. மிஞ்சுவது இரண்டு. cos 60° மறந்துபோய், இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் சராசரி வரவு ஒன்றரை மதிப்பெண். ஒரே ஒரு விடையை நீக்க முடிந்தாலும் முக்கால் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவாக வரும். நீக்கியது சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. "இது ஏன் விடை இல்லை" என்று ஒரு வரியில் காரணம் சொல்ல முடிந்தால் அது நீக்கம். "இது சரியில்லை போலிருக்கிறது" என்பது பழைய அரை நினைவேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

உங்களிடம் நான் கேட்பது சின்ன வேலை. மாதிரித் தேர்வில் ஊகித்த கேள்விகளின் எண்ணுக்குப் பக்கத்தில், வினாத்தாளிலேயே ஒரு குறி போடச் சொல்லுங்கள்: குருட்டாம்போக்கு என்றால் 'கு', காரணம் சொல்லி நீக்கியது என்றால் 'நீ', நினைவு மாதிரி இருந்தது என்றால் 'நி'. திருத்திய பிறகு மூன்றையும் தனித்தனியாகக் கூட்டட்டும். நான்கைந்து தேர்வுகள் போனால், எந்தக் குறி தனக்கு மதிப்பெண் தருகிறது, எது பறிக்கிறது என்று அந்தந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். 'நி' தொடர்ந்து ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போகிற பிள்ளையிடம் மட்டும் "தொடாதே" என்று சொல்லுங்கள். அதுவும் அந்தக் கேள்விகளை மட்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண் இப்போது மூன்றாவது தாளுக்குக் குறி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்