ஆடி அமாவாசைப் படையலும் ஆடி வெள்ளியும்: ஆர்டர் தேதி பற்றி ஒரு விளக்கம்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதத்துக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. "ஆடி அமாவாசைக்கு இருபது பேருக்குப் படையல் சாப்பாடு", "மூன்றாம் ஆடி வெள்ளிக்குச் சர்க்கரைப் பொங்கல்" என்று சொல்லிவிட்டுப் பலர் போனை வைத்துவிடுகிறீர்கள். நாங்கள் திரும்ப அழைத்து "எந்தத் தேதி, என்ன கிழமை?" என்று கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கிறது. தமிழர் கடையில் ஆடி அமாவாசை தெரியாதா என்றும் ஒரு பெரியவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

ஆடி என்பது சூரியனைக் கொண்டு கணக்கிடும் மாதம். அமாவாசை சந்திரனைப் பொறுத்தது. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். ஆடியோ முப்பத்தொரு நாளாவது நீளும். ஆகவே, மாதம் பிறக்கும்போதே ஓர் அமாவாசை வந்துவிட்டால், முடிவதற்குள் இன்னொன்றுக்கும் இடம் இருக்கிறது. 2023இல் இதுதான் நடந்தது. ஜூலை 17, திங்கட்கிழமை, ஆடி முதல் தேதி, அன்றே அமாவாசை. ஆகஸ்ட் 16, புதன்கிழமை, ஆடி 31, அன்றும் அமாவாசை. ஒரே மாதத்தில் இரண்டு வந்தால் பின்னதைக் கொள்வது வழக்கம் என்பதால் பெரும்பாலோர் ஆகஸ்ட் 16ஐ எடுத்துக்கொண்டார்கள். மாதந்தோறும் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் இரண்டு நாளுமே படையல் உண்டு. அந்த ஆண்டு "ஆடி அமாவாசை" என்ற பெயரை மட்டும் குறித்துக்கொண்டு யாரும் அடுப்பு மூட்டியிருக்க முடியாது.

இந்த ஆண்டு, 2026இல், ஆடியில் ஓர் அமாவாசைதான்: ஆகஸ்ட் 12, புதன்கிழமை, ஆடி 27. ஆனாலும் ஒரு குழப்பத்துக்கு வழி இருக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சென்னையில் அன்று இரவு 11 மணி தாண்டி அமாவாசை முடிகிறது. சிங்கப்பூரில் நமக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல் என்பதால் இங்கே அது 13ஆம் தேதி பின்னிரவு 1.30 மணி தாண்டி முடியும். சிங்கப்பூர் நேரம் காட்டும் செயலியில் "ஆகஸ்ட் 13 வரை" என்று பார்த்து, வியாழக்கிழமைக்குச் சாப்பாடு கேட்க ஒருவருக்குத் தோன்றலாம். வியாழன் காலையில் இங்கே பிரதமை பிறந்திருக்கும். படையலுக்கு உரியது புதன் பகல்தான்.

பெற்றோர் திதிக்கு இன்னும் கவனம் வேண்டும். ஊரிலிருந்து அண்ணனோ சித்தப்பாவோ தேதியைப் பார்த்துச் சொல்வார். அவர் வைத்திருப்பது வாக்கியப் பஞ்சாங்கமாக இருக்கலாம், திருக்கணிதமாக இருக்கலாம். இரண்டுக்கும் சில மணி நேரம் வேறுபடும். நாள் மாறினால் எதை ஏற்பது என்பதை உங்கள் குடும்பப் புரோகிதர் சொல்லட்டும். அதில் நாங்கள் தலையிடுவது முறையன்று. அவர் சொன்ன ஆங்கிலத் தேதி மட்டும் எங்களுக்குப் போதும்.

ஆடி வெள்ளிக்கும் ஒரு கேள்வி கேட்போம். இந்த ஆண்டு ஆடி முதல் தேதியே வெள்ளிக்கிழமை, ஜூலை 17. அதையும் எண்ணினால் மூன்றாம் வெள்ளி ஜூலை 31. மாதப் பிறப்பை விட்டுவிட்டு அடுத்த வாரத்திலிருந்து எண்ணுபவருக்கு ஆகஸ்ட் 7. "மூன்றாம் வெள்ளி" என்று எழுதிக்கொண்டால் ஒரு வாரமே தள்ளிப்போகக்கூடும்.

ஆர்டர் எடுத்தவுடன் உங்கள் கைப்பேசிக்கு இப்படி ஒரு செய்தி வரும்: "ஆடி அமாவாசை, ஆடி 27, 12 ஆகஸ்ட் 2026, புதன்கிழமை, காலை 10.30 மணிக்குள், இருபது பேருக்கு." இதற்குத் தயவுசெய்து "சரி" என்று மட்டும் பதில் அனுப்பாதீர்கள். மனத்தில் வேறு நாளை வைத்திருப்பவரும் "சரி" என்றுதான் எழுதுவார். தேதியையும் கிழமையையும் நீங்களே ஒருமுறை எழுதி அனுப்புங்கள். "13, புதன்" என்று வந்தால், இரண்டில் ஒன்று பிசகு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்; அழைத்துக் கேட்போம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திதிச் சமையலை முதல் நாளே செய்து வைக்க முடியாது. வெங்காயம், பூண்டு சேராத தனிப் பாத்திரங்களில் அன்று விடியற்காலையில்தான் சமைக்கிறோம். வாழைக்காய், பாகற்காய், வாழை இலை எல்லாம் அந்த நாள் கணக்குக்குத்தான் தேக்கா சந்தையில் சொல்லி வைக்கிறோம். மற்ற விருந்துகளை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவுக்கு இடும் இலையை அப்படித் தள்ளிவைக்க யாருக்கும் மனம் வராது.

அமாவாசைப் படையலுக்கு ஆகஸ்ட் 9, ஞாயிறு மாலைக்குள் உங்கள் பதில் செய்தி வந்துசேர வேண்டும். செய்தி அனுப்பிப் பழக்கமில்லாத பெரியவர்கள் கடைக்கே அழைக்கலாம். தேதியையும் கிழமையையும் நீங்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டு, உங்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.

இப்படிக்கு,
உங்கள் சைவ உணவகத்தார்,
தேக்கா, சிங்கப்பூர்