ஒரே கார் என்று சொல்லி விற்றீர்கள், டயரும் பிரேக்கும் ஒன்றல்ல

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

அனுப்புநர்:
சுங்கை சிப்புட், பேராக்
(பதிவு எண்ணும் ரசீதுகளும் இணைப்பில்)

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் ஈப்போ கிளையில் நானும் என் மச்சானும் ஒரே மாடல் காரை ஒரே மாதத்தில் எடுத்தோம். அவருடையது கீழ் ரகம், என்னுடையது மேல் ரகம். விற்பனையாளர் கொடுத்த ஐந்தாண்டுச் செலவுத் தாளில் இரண்டுக்கும் பராமரிப்புத் தொகை ஒன்றுதான். டயர், பிரேக் கணக்கு இதில் எங்கே என்று அப்போதே கேட்டேன். "ரெண்டும் ஒரே கார்தான் அண்ணே, ரிம் டிசைன்தான் வேற" என்றார். அவர் சொன்னது உண்மையில்லை.

மச்சான் காரின் டயர் 185/60 ஆர்15. என்னுடையது 195/50 ஆர்16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. பெருக்கிப் பார்த்தால் அவருக்கு 111 மில்லிமீட்டர் வருகிறது, எனக்கு 97.5. சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே ரிம் பெருத்த அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது. நெடுஞ்சாலை வளைவில் இது கெட்டியாக நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தினமும் போவது செம்பனை லாரிகள் உழுது போட்ட தோட்டத்துப் பாதையில். அங்கே குழியின் விளிம்பில் இடித்தால் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, உள்ளிருக்கும் நூலிழை அறுந்து, வெளியே கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிடுகிறது. அதற்கு ஒட்டுப் போட முடியாது. இடித்ததால் வந்த சேதம், உத்தரவாதம் கிடையாது என்று உங்கள் சர்வீஸ் சென்டரே கைவிரித்துவிட்டது.

சுங்கை சிப்புட் டயர் கடையில் 15 அங்குல அளவு அடுக்கில் நாலைந்து பிராண்டில் கிடந்தது. என் அளவை ஈப்போவிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள், அதுவும் ஒரே பிராண்ட்தான். விலையில் பேரம் பேசவே இடமில்லை. அவருக்கு ஒன்று 210 ரிங்கிட், எனக்கு 320. வீங்கியது ஒன்றே என்றாலும் அதன் ஜோடி டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததால் முன்சக்கரம் இரண்டையும் மாற்றினேன்.

பிரேக்கிலும் இதே கதைதான். முன்னால் இரண்டு காருக்கும் டிஸ்க். பின்னால் அவருக்கு டிரம், எனக்கு டிஸ்க். டிஸ்க் சூட்டை வேகமாக விடும் என்பதால் கேமரன் மலை இறங்குபவருக்கு நல்லதுதான். தோட்டத்து மேட்டை இறங்குகிற எனக்கு அதனால் என்ன லாபம்? நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்பிரேக்தான் சுமக்கிறது. டிரம்மின் ஷூ மூடிக்குள் இருக்கிறது. டிஸ்க் திறந்து கிடப்பதால் மழைக்காலச் செம்மண்ணும் பொடிக்கல்லும் பேடுக்கு நடுவே புகுந்து தட்டை அரைக்கின்றன. முதலில் கரகரவென்று சத்தம் வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் தட்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. தட்டின் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அளவுகோல் வைத்துப் பார்த்த மெக்கானிக், கடைந்து சமப்படுத்தவும் சதை இல்லை என்றார். பேடும் இரண்டு தட்டும் கூலியோடு 640 ரிங்கிட். அதே சமயத்தில் மச்சான் டிரம்மைத் திறந்து தூசி தட்டிப் பூட்டியதற்குக் கொடுத்தது 40 ரிங்கிட். ஷூ இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

நான் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இந்தப் பாதையில் ஒரு செட் டயர் இரண்டு ஆண்டு வரும். ஒரு செட்டுக்கு 440 ரிங்கிட் கூடுதல் என்றால், ஒன்பது ஆண்டுக் கடன் முடிவதற்குள் நான்கு முறை மாற்ற 1,760 ரிங்கிட். பிரேக்கும் வீங்கிய டயரும் இதில் சேரவில்லை. மாதத் தவணையின் வித்தியாசத்தை உங்கள் ஆள் சென் கணக்கில் காட்டினார், இதைக் காட்டவில்லை.

எனக்கு மூன்று காரியம் நடக்க வேண்டும். செலவுத் தாளில் டயர் அளவு, ஒரு டயரின் விலை, பின்பிரேக் வகை, பேடு அல்லது ஷூ மாற்றும் செலவு நான்கையும் ரகவாரியாகச் சேருங்கள். என் காருக்குக் கீழ் ரகத்தின் 15 அங்குல ரிம் போட்டால் பிரேக் காலிப்பரில் உரசுமா, உத்தரவாதம் நிற்குமா என்பதை எழுத்தில் தாருங்கள். கேட்டும் தவறான பதில் சொன்னதற்காக, பின்தட்டு மாற்றிய 640 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

21 நாளில் பதில் வராவிட்டால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இதே தாளையும் ரசீதுகளையும் வைத்து மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்